எஞ்சிய விடுப்புக்கான பணம்: முப்பதால் வகுப்பதா, இருபத்தாறால் வகுப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: செப்டம்பர் 17-ஆம் தேதியோடு வேலையை விட்டுவிட்டேன். பேசிக் 22,500 ரூபாய். 45 நாள் விடுப்புக்கு 19,125 ரூபாய்தான் வந்திருக்கிறது. கணக்கு சரியா?

சரியில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்பதை உங்கள் சீட்டிலுள்ள எண்களே காட்டிக்கொடுக்கின்றன. 19,125-ஐ 45-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 425 ரூபாய் வருகிறது. அந்த 425-ஐ 30-ஆல் பெருக்கினால் 12,750 கிடைக்கிறது. உங்கள் அடிப்படை ஊதியம் 22,500 என்னும்போது இந்த 12,750 எங்கிருந்து வந்தது என்று தேடினால், செப்டம்பர் மாதச் சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதிய வரிசையில் அதே தொகை நிற்கும். அந்த மாதத்தில் 17 நாள் மட்டுமே வேலை பார்த்ததால் 22,500-ஐ 30-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்கி அந்த மாத ஊதியத்தைப் போட்டிருக்கிறார்கள். அது முறையானது. ஆனால் அந்தக் குறைந்த தொகையையே எடுத்து மீண்டும் ஒருமுறை 30-ஆல் வகுத்து விடுப்புக்கான நாள் வீதமாக்கியதுதான் பிழை.

மதுரையில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். கைக்கு வரும் இறுதிக் கணக்குத் தகராறுகளில் நான் முதலில் தேடுவது இந்தப் பிழையைத்தான். பெரும்பாலும் இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதில்லை. கணினி மென்பொருளில் ‘அந்த மாதத்தில் ஈட்டிய பேசிக்’ என்றும் ‘நிர்ணயிக்கப்பட்ட பேசிக்’ என்றும் இரண்டு புலங்கள் அருகருகே இருக்கும், சூத்திரம் எழுதியவர் முதலாவதைத் தொட்டுவிட்டிருப்பார். முழு மாதம் வேலை பார்த்து 30-ஆம் தேதி விலகுபவருக்கு இரண்டு புலங்களிலும் ஒரே எண் இருப்பதால் பிழை வெளியே தெரியாது. மாத நடுவில் விலகுபவருக்கு மட்டும் பணம் குறையும்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பேசிக்கை எடுக்க வேண்டும்? இந்த விடுப்பு பல வருடங்களாகச் சேர்ந்தது. அப்போதெல்லாம் என் சம்பளம் குறைவு.

விலகும் நாளில் உங்களுக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த முழு மாத அடிப்படை ஊதியத்தை எடுக்க வேண்டும். நீங்கள் மார்ச் வரை 21,000 வாங்கி ஏப்ரலில் 22,500-க்கு உயர்ந்திருந்தால் எல்லா நாள்களுக்கும் 22,500-தான் அடிப்படை. ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்த விடுப்புக்கு அன்றைய பேசிக், நேற்றுச் சேர்ந்த விடுப்புக்கு இன்றைய பேசிக் என்று பிரித்துப் போடுவது வழக்கமில்லை. விதிப்புத்தகம் வெளிப்படையாக அப்படிச் சொன்னாலொழிய அதை ஏற்க வேண்டியதில்லை. சேர்த்து வைத்த விடுப்பின் விலை ஒவ்வொரு ஊதிய உயர்வோடும் ஏறிக்கொண்டே போவதால்தான் முதலாளிகள் அதற்கு நாள் உச்சவரம்பு வைக்கிறார்கள்.

விலகிய பிறகு, முன்தேதியிட்டு ஊதிய உயர்வு அறிவிக்கப்பட்டு அது உங்களுக்கும் பொருந்துமானால், சம்பள நிலுவையோடு விடுப்புப் பணத்தின் வித்தியாசத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நிலுவையைத் தருபவர்கள் இரண்டாவதை மறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு மாதத்துக்கு 30 நாளா, 26 நாளா? எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

இரண்டுக்கும் நியாயம் உண்டு. எந்த நியாயம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் விடுப்புப் பதிவேடு சொல்லும். சித்திரைத் திருவிழாவுக்காக நீங்கள் வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் ஆகிய நாள்களில் விடுப்பு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒரு ஞாயிறு வருகிறது. பதிவேட்டில் 5 நாள் கழிக்கப்பட்டிருந்தால் உங்கள் விடுப்பு நாள்காட்டி நாள்களால் அளக்கப்படுகிறது என்று பொருள். அங்கே மாதத்தை 30-ஆல் வகுப்பதே பொருந்தும். 4 நாள் மட்டும் கழிக்கப்பட்டிருந்தால் அளவுகோல் வேலை நாள். வாரம் ஆறு நாள் இயங்கும் இடத்தில் ஒரு மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொள்வது பழைய வழக்கம்.

வித்தியாசம் ஏன் வருகிறது என்பதை இப்படிப் பாருங்கள். 46 வேலை நாள் விடுப்பை ஒருவர் விற்காமல் தொடர்ந்து எடுத்தால் இடையில் வரும் ஞாயிறுகளையும் சேர்த்து 53 நாள் வீட்டில் இருப்பார். அந்த 53 நாளுக்கும் சம்பளம் ஓடும். 22,500 ரூபாய் பேசிக்கில் 30-ஆல் வகுத்த நாள் வீதம் 750 ரூபாய். 53 நாளுக்கு 39,750 ரூபாய். அதே 46 நாளை 26-ஆல் வகுத்த வீதமான 865 ரூபாய் 38 பைசாவால் பெருக்கினால் 39,808 ரூபாய் வருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 46 நாளை 750-ஆல் பெருக்கினால் 34,500-தான். ஆகவே வேலை நாளாகக் கழித்து வந்த விடுப்பை நாள்காட்டி நாளின் விலைக்கு வாங்கினால் ஞாயிறுகளின் ஊதியம் நடுவில் காணாமல் போகிறது என்பதே 26 கேட்பவர்களின் வாதம். அது வலுவான வாதம் என்பதே என் கருத்து.

ஆனாலும் நிறுவனத்தின் விதிப்புத்தகமோ நியமனக் கடிதமோ ‘மாத அடிப்படை ஊதியத்தை 30-ஆல் வகுத்து’ என்று எழுதியிருந்தால், சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மேல் நிறுவனம் தானாகத் தரும் விடுப்பைப் பொறுத்தவரை அந்த எழுத்துதான் ஆளும்.

கேள்வி: கிராஜுவிட்டிக்கு 26 என்று சட்டத்திலேயே இருக்கிறதே, அதைக் காட்டி விடுப்புக்கும் கேட்கலாம் அல்லவா?

1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கச் சொன்னது உண்மை. மாதத்தில் நான்கு ஞாயிறு போக மீதமுள்ளவை உழைத்த நாள்கள் என்பதே அதன் அடிப்படை. ஆனால் அந்த விளக்கம் பணிக்கொடைக்காக எழுதப்பட்டது. அது தானாக விடுப்புப் பணத்துக்குத் தாவிவிடாது. உங்கள் விதிப்புத்தகம் வகுஎண்ணைப் பற்றி வாய் திறக்காத இடத்தில், பதிவேட்டில் ஞாயிறு கழிக்கப்படவில்லை என்ற சான்றோடு சேர்த்து இதை ஒரு துணை வாதமாக வைக்கலாம். தனியாக இதை மட்டும் நீட்டினால் எடுபடாது.

கேள்வி: என் பதிவேட்டில் 46 நாள் வருகிறது. நிறுவனம் 45 என்கிறது. ஒரு நாள் எங்கே போனது?

நாள் கணக்கை வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 1-இல் உங்கள் கையிருப்பு 41½ நாள். வருடத்துக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு என்பதால் முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1½ நாள் சேரும். ஜனவரி முதல் ஆகஸ்டு வரை எட்டு மாதங்கள் முடிந்ததால் 12 நாள் சேர்ந்தது. செப்டம்பர் முடியவில்லை. உங்கள் நிறுவன விதி ‘முடிந்த மாதம்’ என்று சொல்வதால் அதற்கு எதுவும் இல்லை. ஆகக் கூடுதல் 53½ நாள். சித்திரைத் திருவிழாவுக்கு 4 நாளும் ஜூனில் 3½ நாளும் எடுத்திருக்கிறீர்கள். அந்த 7½ போக மிச்சம் 46.

நிறுவனம் 45 என்பது, விதியில் உள்ள 45 நாள் உச்சவரம்பை வைத்து. ஆனால் அந்த வரம்பு எதற்கு என்று படித்துப் பாருங்கள். ‘டிசம்பர் 31 அன்று 45 நாளுக்கு மேல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது’ என்றுதான் அதில் இருக்கிறது. நீங்கள் செப்டம்பரில் விலகிவிட்டீர்கள், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் கேள்வியே எழவில்லை. ‘பணமாக்கக்கூடிய அதிகபட்ச நாள் 45’ என்று தனியாக ஒரு வரி இருந்தால் மட்டுமே அந்த ஒரு நாளை வெட்டலாம். உங்கள் விதியில் அந்த வரி இல்லை. ஆகவே நிறுவனம் எடுத்த 30 என்ற வகுஎண்ணையே வைத்துக்கொண்டாலும், 46 நாளை 750 ரூபாயால் பெருக்கி 34,500 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். வந்திருப்பது 19,125. குறைவு 15,375 ரூபாய்.

தற்செயல் விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பொதுவாக ஆண்டு முடிவில் காலாவதியாகும், பணமாக்கும் உரிமை ஈட்டிய விடுப்புக்கே உரியது.

கேள்வி: கப்பலூரில் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். எக்செல்லில் எப்படிப் போடுவது? சில ரூபாய் வித்தியாசம் வருகிறது.

அந்தச் சில ரூபாய், நாள் வீதத்தை முதலிலேயே முழு ரூபாயாக்குவதால் வருவது. 22,500-ஐ 26-ஆல் வகுத்து வரும் 865.38-ஐ 865 என்று வெட்டிவிட்டு 46-ஆல் பெருக்கினால் 39,790. வெட்டாமல் கடைசியில் மட்டும் முழுமைப்படுத்தினால் 39,808. முதலில் பெருக்கி, பிறகு வகுத்து, கடைசியில் ஒருமுறை முழுமையாக்குங்கள். B1-இல் நிர்ணயிக்கப்பட்ட முழு மாதப் பேசிக், B2-இல் வகுஎண், B3-இல் நாள் என்று வைத்தால் போதும்:

```
=ROUND(B1*B3/B2,0)
```

B1-ஐ அந்த மாதச் சம்பளத் தாளிலிருந்து இணைக்காமல் ஊதிய நிர்ணயத் தாளிலிருந்து இணையுங்கள். முதல் கேள்வியில் பார்த்த பிழை அந்த ஒரு இணைப்பில்தான் பிறக்கிறது. வகுஎண்ணையும் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனிக் கட்டத்தில் வைத்தால், கேட்பவருக்குக் காட்டவும் வசதி.

கேள்வி: பேசிக் மட்டும்தானா? அகவிலைப்படி சேராதா? எங்கள் பேசிக்கை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள்.

நிறுவனம் தன் விருப்பத்தில் தரும் கூடுதல் விடுப்புக்கு ‘பேசிக் மட்டும்’ என்று விதி வைக்கலாம். சட்டம் தந்த விடுப்புக்கு அப்படிச் சுருக்க முடியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 20 நாள் வேலைக்கு 1 நாள் விடுப்பு என்றும், அதற்கான ஊதியத்தில் மிகைநேர ஊதியமும் போனஸும் நீங்கலாக அகவிலைப்படியும் சேரும் என்றும் வகுத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த 20-க்கு 1 என்ற அளவை வைத்துக்கொண்டு, தகுதிக்கான வேலை நாளை ஆண்டுக்கு 240-லிருந்து 180 ஆகக் குறைத்தன.

உங்கள் இரண்டாவது குறைக்கும் அந்தத் தொகுப்பில் பதில் இருக்கிறது. ஊதியம் என்பதில் பேசிக்கும் அகவிலைப்படியும் அடங்கும். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை வெளியே நிற்கும், ஆனால் அப்படி வெளியே நிற்பவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்துக்குள் வந்துவிடும். ஒருவருக்கு மொத்தம் 30,000, அதில் பேசிக் 10,000, மீதி 20,000 பலவிதப் படிகள் என்றால், பாதியான 15,000-க்கு மேலுள்ள 5,000 ரூபாய் பேசிக்கோடு சேர்ந்து ஊதியம் 15,000 ஆகும். நாள் வீதமும் 10,000-த்தில் தொடங்காமல் 15,000-த்தில் தொடங்கும். விடுப்பு பற்றிய பிரிவு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு உரியது. மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதமும் நிறுவன விதியும்தான் துணை.

கேள்வி: அரசு ஊழியரான என் மாமாவுக்குக் கணக்கு வேறு மாதிரி வந்ததே?

அவர்களுடையது தனி விதி. தமிழக அரசு ஊழியர் ஓய்வின்போது பணமாக்கக்கூடிய ஈட்டிய விடுப்புக்கு உச்சவரம்பு 240 நாள், மத்திய அரசு ஊழியருக்கு 300 நாள். மத்திய அரசில் பேசிக்கோடு அகவிலைப்படியையும் சேர்த்து 30-ஆல் வகுப்பார்கள். அங்கே விடுப்புக்கு இடையில் வரும் ஞாயிறும் விடுப்பாகவே கழியும் என்பதால் 30 பொருந்துகிறது.

கேள்வி: விடுப்பை விற்பதா, எடுத்துத் தீர்ப்பதா? ராஜினாமா கொடுக்கப் போகிறேன், முன்னறிவிப்புக் காலம் ஒரு மாதம்.

இதைப் பலர் விலகிய பிறகே கேட்கிறார்கள், முன்பே கேட்டது நல்லது. விடுப்பு எடுத்தால் அந்த நாளுக்கு முழுச் சம்பளம் வரும், விற்றால் பேசிக்கின் பங்கு மட்டும் வரும். பேசிக் 22,500, மொத்தம் 38,000 என்றால், 30 நாள் கணக்கில் விடுப்பாக எடுத்த ஒரு நாளின் மதிப்பு 1,267 ரூபாய். விற்ற நாளின் மதிப்பு 750. ஆகவே நாளொன்றுக்கு 517 ரூபாய் குறைவாகவே விடுப்பு விலைபோகிறது.

முன்னறிவிப்புக் காலத்தில் பத்து நாள் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அந்தப் பத்து நாளுக்கு மொத்தச் சம்பள வீதத்தில் 12,667 ரூபாய் பிடித்துக்கொண்டு, உங்கள் பத்து நாள் விடுப்புக்கு 7,500 ரூபாய் தந்தால் 5,167 ரூபாய் உங்களுக்கு இழப்பு. பத்து நாள் விடுப்பைப் பத்து நாள் முன்னறிவிப்புக்கு ஈடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன, ஆனால் அது உங்கள் உரிமையன்று, அவர்கள் சம்மதம் வேண்டும். விலகும் கடிதத்தோடு சேர்த்தே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிடித்தம் செய்யும்போது மாதத்தை 26-ஆல் வகுத்து நாள் வீதத்தை உயர்த்துபவர்கள், விடுப்புக்குத் தரும்போது 30-ஆல் வகுத்து இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே சீட்டில் இரண்டு வகுஎண்கள் இருந்தால் காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: விடுப்புப் பணத்தில் பி.எஃப். பிடிக்கலாமா? வரி உண்டா?

பி.எஃப். பிடிக்கக்கூடாது. விடுப்புப் பணம் வருங்கால வைப்பு நிதிக்கான அடிப்படை ஊதியத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் மணிப்பால் உயர்கல்வி நிறுவன வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

வேலையில் இருக்கும்போதே விற்றால் அந்தப் பணம் முழுவதும் வரிக்குரிய சம்பளம். விலகும்போதோ ஓய்வு பெறும்போதோ வந்தால் தனியார் ஊழியருக்கு விலக்கு உண்டு, வாழ்நாள் வரம்பு 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம் ரூபாய். ஆனால் 25 லட்சத்துக்குள் இருப்பதெல்லாம் வரியில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் வந்த தொகை, பத்து மாதச் சராசரி ஊதியம், ஆண்டுக்கு 30 நாளுக்கு மிகாத கணக்கில் எஞ்சிய விடுப்பின் ரொக்க மதிப்பு, அந்த 25 லட்சம் ஆகிய நான்கில் எது குறைவோ அதுவே விலக்கு. மூன்றாவது அளவும் கடைசிப் பத்து மாதச் சராசரியில்தான் போடப்படுகிறது. நம் கணக்கில் அந்தப் பத்து மாதங்களில் ஒரு பகுதி 21,000 ரூபாய் பேசிக்கில் கழிந்ததால் சராசரி 21,800-ஐ ஒட்டி நிற்கும். 46 நாளுக்கு 33,400 ரூபாய் அளவில் விலக்கு கிடைக்கும். வாங்கிய 34,500-இல் மீதமுள்ள சுமார் ஆயிரம் ரூபாய் வரிக்குரிய வருமானத்தில் சேரும்.

கேள்வி: குறைவாகத் தந்ததை எப்படிக் கேட்பது? என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

கடைசி முழு மாதச் சம்பளச் சீட்டு, விடுப்புப் பதிவேட்டின் நகல், விடுப்பு விதி உள்ள பக்கம் ஆகிய மூன்றும் போதும். மின்னஞ்சல் கணக்கு முடக்கப்படுவதற்கு முன்பே விடுப்பு இருப்புத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட மறுநாள் அந்தத் திரை உங்களுக்குத் திறக்காது.

பிறகு, ‘குறைத்துத் தந்துவிட்டீர்கள்’ என்று எழுதாமல், ‘நாள் வீதம் எந்தத் தொகையை எந்த எண்ணால் வகுத்து வந்தது, எத்தனை நாளுக்கு’ என்று மூன்று எண்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள். முதல் கேள்வியில் உள்ள பிழையாக இருந்தால், 12,750 என்று தாங்களே எழுதும்போது கணக்கருக்கே விளங்கிவிடும். இழுத்தடித்தால், நீங்கள் தொழிலாளர் வரையறைக்குள் வருபவராயின் மதுரையிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் இதே மூன்று தாள்களோடு மனுக் கொடுக்கலாம். ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால், ‘விடுப்புத் தொகை குறித்த ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று கையால் எழுதி, தேதியிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.